ஒரே அறிவிப்பு, மூன்று நீளம்: ரீல்ஸ், கரோசல், லிங்க்ட்இன் கேப்ஷன் எழுதும் முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு உற்பத்தி தொடங்குகிற யாரும் முதலில் எழுதுவது வட்ஸ்அப் அறிவிப்புத்தான். அதை எழுதி உறவினர் குழு, பழைய மாணவர் குழு எல்லாவற்றிலும் போட்டுவிட்டு, அதே பந்தியைத் தூக்கி இன்ஸ்டகிராம் ரீல்ஸின் கீழே, பிறகு பல படங்களைத் தள்ளிப் பார்க்கும் பதிவான கரோசலின் கீழே, கடைசியில் லிங்க்ட்இன்னிலும் ஒட்டிவிடுவார்கள். எழுதியது பிழையாக இருக்காது. ஆனால் மூன்று இடத்திலும் ஆட்கள் வேறு, அவர்கள் கண்ணுக்கு முன்னால் ஏற்கெனவே இருக்கிற படம் வேறு, எழுத்து அறுபட்டு மிச்சம் மறைகிற இடமும் வேறு. ஆகவே ஒரே அறிவிப்பை எப்படி மூன்றாகப் பிரித்து எழுதுவது என்பதை ஒரு பொருளை வைத்து முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்ப்போம்.

பொருள், கசப்பு நீக்கிய ஒடியல் மா. பனங்கிழங்கில் வருவது, கூழுக்கானது. விலை, திகதி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள கடை எல்லாம் உதாரணத்துக்கு நான் வைத்தவை. வழக்கமாக இப்படித்தான் எழுதுவார்கள்:

> வணக்கம் உறவுகளே! எமது மண்ணின் பாரம்பரியச் சுவையை உலகெங்கும் கொண்டு செல்லும் நோக்கில் நாம் பெருமையுடன் அறிமுகப்படுத்தும் கசப்பு நீக்கிய ஒடியல் மா! வரும் வெள்ளிக்கிழமை முதல் திருநெல்வேலியில் உள்ள எமது கடையில் கிடைக்கும். 250 கிராம் பொதி 650 ரூபா. ஊறவைக்கத் தேவையில்லை. எட்டுப் பேருக்குக் கூழ் காய்ச்சலாம். ஆறு மாதம் வைத்துப் பாவிக்கலாம். இலங்கை முழுவதும் கூரியரில் அனுப்புவோம். உணவகங்களுக்கு 5 கிலோ பொதியும் உண்டு. சுவைத்து மகிழுங்கள்!

வட்ஸ்அப்பில் இது ஓடும், ஏனென்றால் அங்கே அனுப்பியவரை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர் அனுப்பினால் கடைசி வரி வரை வாசிப்பார்கள். மற்ற இடங்களில் அந்தச் சலுகை கிடையாது.

முதலில் அறிவிப்பைப் பிரித்துப் போடுங்கள்

கேப்ஷன் எழுதத் தொடங்க முன்னர் அறிவிப்பில் உள்ள தகவல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எழுதுங்கள். மேலே உள்ளதைக் கழற்றினால் இவ்வளவும் வரும்: கசப்பு நீக்கியது, ஊறவைக்கத் தேவையில்லை, 250 கிராம், 650 ரூபா, எட்டுப் பேர், ஆறு மாதம், வெள்ளி முதல், திருநெல்வேலிக் கடை, கூரியர், 5 கிலோ பொதி. "வணக்கம் உறவுகளே", "பெருமையுடன்", "சுவைத்து மகிழுங்கள்" ஆகியவை இந்தப் பட்டியலில் ஏறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அறிவிப்பின் தொடக்கத்தில் பெரும்பகுதி இப்படியான சொற்கள்தான், திரையில் அறுபடாமல் தெரிகிற பகுதியும் அதுதான்.

பிறகு ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இது மாறக்கூடியதா? விலை மாறும். திகதி தள்ளிப்போகும். கூரியர் ஒரு மாவட்டத்துக்கு நின்றுபோகலாம். கசப்பு நீக்கிய மா என்பது மாறாது, கூழ் காய்ச்சும் முறையும் மாறாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டகிராமில் போட்டபிறகு கேப்ஷனைத் திருத்தலாம், லிங்க்ட்இன்னிலும் எழுத்தைத் திருத்தலாம், யூடியூபிலும் தலைப்பை மாற்றலாம். வீடியோவுக்குள் பதித்த எழுத்தையோ கரோசல் படத்தில் அடித்த எழுத்தையோ திருத்த முடியாது, அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும், அப்படிப் போட்டால் கீழே வந்த கருத்துகளும் சேமித்தவர்களின் சேமிப்பும் போய்விடும். ஆகவே மாறக்கூடியது எல்லாம் கேப்ஷனுக்கு, மாறாதது படத்துக்கு. இந்த ஒரு பிரிப்பைச் செய்துவிட்டால் எந்தக் கேப்ஷன் எவ்வளவு நீளம் என்பது பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

"வரும் வெள்ளி" என்பதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். ரீல்ஸ் இன்று போட்டால் இன்றே எல்லோருக்கும் போகாது, ஒரு கிழமை கழித்துக்கூடச் சிலருடைய திரையில் வரும், அவர்களுக்கு எந்த வெள்ளி என்று தெரியாது. "ஆகஸ்ட் 14, வெள்ளி" என்று எழுதுங்கள்.

தமிழில் அளப்பது எப்படி

இன்ஸ்டகிராம் கேப்ஷனின் உச்ச அளவு 2,200 குறிகள். லிங்க்ட்இன் பதிவுக்கு 3,000. யூடியூப் தலைப்பு, ஷோர்ட்ஸுக்கும் சேர்த்து, 100. இந்த எண்களைப் பார்த்துவிட்டுத் தமிழ் எழுத்துகளை விரல்விட்டு எண்ணினால் கணக்கு உதைக்கும். இந்தத் தளங்கள் எண்ணுவது நாம் பள்ளியில் எண்ணிய எழுத்துகளை இல்லை. யுனிகோடில் "க" ஒரு குறி, "க்" இரண்டு, "கோ" இரண்டு. "யாழ்ப்பாணம்" என்றால் நமக்கு ஆறு எழுத்து, கணினிக்கு 11 குறி. ஆங்கிலத்துக்கு 100 என்று சொன்னால் தமிழில் நடைமுறையில் ஐம்பது அறுபது எழுத்துத்தான் கையில் கிடைக்கும், இடைவெளிக்கும் அதற்குள்தான் இடம் பார்க்க வேண்டும்.

அளக்க எளிய வழி, எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் A2 கட்டத்தை இரண்டு முறை தட்டித் திறந்து, அதற்குள் கேப்ஷன் முழுவதையும் ஒட்டிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் இதை எழுதுவது:

```
=LEN(A2)
```

உச்ச அளவைவிட முக்கியமானது அறுபடும் இடம். இன்ஸ்டகிராமின் சாதாரணப் பதிவில் ஏறத்தாழ 125 குறிக்குப் பிறகு மிச்சம் மறைந்துவிடும், தட்டினால்தான் விரியும். ரீல்ஸில் அதைவிடக் குறைவு, ஒரு வரிதான் கணக்கு. லிங்க்ட்இன்னில் கணினித் திரையில் மூன்று வரி அளவு தெரியும், போனில் அதைவிடக் குறையலாம். இந்த எண்களைக் கல்வெட்டு மாதிரி எடுக்க வேண்டாம். உண்மையில் அறுப்பது வரியின் அகலம், தமிழ் எழுத்துகள் அகலமானவை, "ணை", "ஞ", "ழை" எல்லாம் ஆங்கிலத்தின் சின்ன எழுத்து இரண்டு மூன்று நிற்கிற இடத்தைப் பிடிக்கும். அம்மாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் இன்னும் முன்னாலேயே அறுபடும். அதனால் சொல்லப்படுகிற எல்லையில் முக்கால்வாசிக்குள் முக்கியமான செய்தியை முடித்துவிடுவது நல்லது.

இன்னொன்று, பாமினியில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு. அச்சகத்தில் லேபிள் அடிக்கக் கொடுத்த கோப்பிலிருந்து எழுத்தை எடுத்து அப்படியே இன்ஸ்டகிராமில் ஒட்டினால், யாழ்ப்பாணம் இருக்க வேண்டிய இடத்தில் இது வரும்:

```
aho;g;ghzk;
```

பாமினி ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். வீடியோ செயலிகள் சிலவற்றில் யுனிகோடே உடைவதும் உண்டு, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி தனியாக ஒரு புள்ளிவட்டத்தின் மேல் மிதக்கும். அப்படியானால் எழுத்தை வேறு செயலியில் படமாகச் செய்து வீடியோவின் மேல் வையுங்கள்.

நடுவிலிருந்து தொடங்குங்கள்: கரோசல்

பெரும்பாலானவர்கள் நீளமானதை எழுதி, அதை வெட்டிவெட்டிக் குட்டையாக்குவார்கள். இதில் ஒரு சிக்கல்: வெட்டி மிஞ்சுவது எப்போதும் முதல் வாக்கியம்தான், நீளமான பதிவின் முதல் வாக்கியம் பெரும்பாலும் செருமல். குட்டையானதை எழுதி நீட்டினாலும் சரிவராது, நீட்டும்போது உரிச்சொற்கள்தான் கூடும், தகவல் கூடாது. என்னுடைய வழி, கரோசலை முதலில் எழுதுவது. கரோசலில் ஒரு படத்துக்கு ஒரு விஷயம் என்று பிரித்தே ஆக வேண்டும், அதனால் எது தனியாக நிற்கும், எது நிற்காது என்பது அங்கேதான் தெரியவரும். அங்கிருந்து ரீல்ஸுக்குக் குறைப்பதும் லிங்க்ட்இன்னுக்கு விரிப்பதும் எளிது.

இன்ஸ்டகிராம் ஒரு கரோசலில் 20 படம் வரை விடும். நமக்கு ஆறு போதும். அளவு 1080க்கு 1350. முதல் படத்தில் கூழ் நிறைந்த பனையோலைப் பிளா, மேலே "ஊறவைக்காத ஒடியல் மா" என்று ஒரே வரி. இரண்டாவதில் இரண்டு கிண்ணம்: ஒன்றில் சாதாரண மாவை ஊறவைத்து மேலே தெளிந்து நிற்கிற கசப்புத் தண்ணீர், மற்றதில் இந்த மா கரைத்தபடி. மூன்றாவதில் உலைக்குள் போகிறவை, நண்டு, றால், மீன் துண்டு, பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளி, முருங்கையிலை. நான்காவதில் மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்துத் தயாராக வைப்பது. ஐந்தாவதில் அதை ஊற்றி, கிண்டி, கூழ் தடிக்கிற பதம். ஆறாவதில் பொதி, பின்பக்கம் தெரியும்படி. விலை எந்தப் படத்திலும் இல்லை.

இரண்டாவது படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் படத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டகிராம் பிறகு அதே கரோசலை இரண்டாவது படத்திலிருந்து காட்டுவது உண்டு. ஆகவே இரண்டாவது படம் முதலாவதன் மிச்சமாக இருக்கக்கூடாது. "இதோ காரணம்" என்று எழுதினால் எதற்குக் காரணம் என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. "சாதாரண ஒடியல் மா: ஊறவைத்து வடிக்க வேண்டும். இது: கரைத்தால் போதும்" என்று எழுதினால் அது தனியாகவே நிற்கும்.

இப்போது கேப்ஷன். படங்கள் சமையல் முறையைச் சொல்லிவிட்டன, ஆகவே கேப்ஷனில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். படத்தில் இல்லாதவை விலை, திகதி, இடம், அப்புறம் வாங்குபவர் கேட்கப்போகிற கேள்விகள்.

> ஊறவைக்க வேண்டாம், கசப்பு வடிக்க வேண்டாம்: கரைத்து நேரே உலையில் ஊற்றும் ஒடியல் மா.
>
> 250 கிராம் பொதி 650 ரூபா, எட்டுப் பேருக்குக் கூழ் வரும். ஆகஸ்ட் 14, வெள்ளி முதல் திருநெல்வேலிக் கடையில் எடுக்கலாம். வெளி மாவட்டங்களுக்குக் கூரியர் உண்டு, ஆறு மாதம் வைத்துப் பாவிக்கலாம்.
>
> பொதியில் மா மட்டும்தான், நண்டும் றாலும் உங்கள் பொறுப்பு. மரக்கறிக் கூழ் என்றால் பலாக்கொட்டையையும் பயித்தங்காயையும் கொஞ்சம் கூடப் போடுங்கள்.
>
> உங்கள் வீட்டில் கூழுக்கு என்ன மீன் போடுவார்கள்?
>
> #ஒடியல்கூழ் #யாழ்ப்பாணம்

முதல் வரி 40 எழுத்து, LEN கணக்கில் 81 குறி, 125க்குள் வசதியாக நிற்கிறது. யாரும் தட்டி விரிக்காவிட்டாலும் பொருள் என்ன, மற்ற மாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது போய்ச் சேர்ந்துவிடும். "பொதியில் மா மட்டும்தான்" என்ற வரியை வெட்டச் சொல்வார்கள், வெட்டாதீர்கள். முதல் படத்தில் நண்டுக்கால் நீட்டிக்கொண்டிருக்கிற பிளாவைக் காட்டியிருக்கிறோம், அதைப் பார்த்துவிட்டுப் பொதிக்குள் உலர்ந்த நண்டு இருக்கும் என்று நினைப்பவர் நிச்சயம் இருப்பார், அவர் வாங்கியபிறகு எழுதும் கருத்தைவிட இந்த ஒரு வரி மலிவு.

கேள்வியைப் பற்றியும் யோசித்துப் போடுங்கள். "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் நெருப்புப் படமும் இதயமும் வரும். கூழுக்கு என்ன மீன் என்று கேட்டால், தீவகத்துக்காரரும் வடமராட்சிக்காரரும் ஆளுக்கொரு மீன் பெயரோடு வருவார்கள், அந்தச் சண்டை நமக்கு நல்லதுதான்.

இணையத்தள முகவரியை இந்தக் கேப்ஷனில் எழுத வேண்டாம். இன்ஸ்டகிராம் கேப்ஷனில் இணைப்பு தட்டினால் திறக்காது, யாரும் அதை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டச்சு செய்யப் போவதில்லை. இணைப்பு சுயவிவரப் பகுதியில் இருக்கட்டும்.

ரீல்ஸுக்குக் குறைப்பது

ரீல்ஸில் வீடியோதான் பேசுகிறது. கேப்ஷன் அதன் துணைக்கு நிற்கிறது, அவ்வளவுதான். ஆகவே வீடியோ என்ன சொல்கிறது என்பதை முதலில் முடிவுசெய்யாமல் இந்தக் கேப்ஷனை எழுதவே முடியாது.

இருபது விநாடி வீடியோ என்று வைப்போம். கொதிக்கிற உலை, நண்டும் பலாக்கொட்டையும் உள்ளே, பொதியை வெட்டுவது, மாவைக் கரைப்பது, ஊற்றுவது, கூழ் தடிக்கிற நெருக்கமான காட்சி, பிளாவில் ஊற்றிக் குடிப்பது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களுக்காகத் திரையில் மூன்று வரி மட்டும்: தொடக்கத்தில் "ஒடியல் மா ஊறவைக்காமல் கூழ் வருமா?", நடுவில் "கரைத்தால் போதும்", கடைசியில் "எட்டுப் பேருக்கு ஒரு பொதி". இந்த எழுத்துகளைத் திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைக்காதீர்கள், அங்கே கணக்கின் பெயரும் கேப்ஷனும் வந்து மேலே ஏறி உட்காரும். வலது ஓரத்தில் இதயம், கருத்து, பகிர்வு பொத்தான்கள். தமிழ் வரி நீளமாக இருப்பதால் வலது ஓரம் வரை போய்க் கடைசி எழுத்து பொத்தானுக்குக் கீழே மறைவது அடிக்கடி நடக்கும், இரண்டு வரியாக உடைத்து நடுவில் வையுங்கள்.

இப்போது வீடியோவில் இல்லாதது என்ன? விலையும் நிறையும். பொருளின் முழுப் பெயரும் திரை எழுத்தில் இல்லை, ஆகவே தேடுபவருக்காக அதுவும் வேண்டும்.

> கசப்பு நீக்கிய ஒடியல் மா. 250 கிராம் ரூ. 650.
> ஆகஸ்ட் 14 முதல் திருநெல்வேலிக் கடையில், வெளி மாவட்டங்களுக்குக் கூரியர்.
> #ஒடியல்கூழ்

முதல் வரி 45 குறி. விரிக்காமலே பெரும்பாலான போன்களில் முழுதாகத் தெரியும். இரண்டாவது வரி விரிக்கிறவருக்கு, அதாவது வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்கியவருக்கு. கரோசல் கேப்ஷனின் முதல் வரியை, "ஊறவைக்க வேண்டாம்" என்பதை, இங்கே ஏன் கொண்டுவரவில்லை? வீடியோவின் முதல் மூன்று விநாடியே அதைத்தான் சொல்கிறது. அதையே கீழே திரும்ப எழுதினால் கிடைத்த ஒரே வரியும் வீண். கரோசலில் முதன்மையாக இருந்தது இங்கே வீடியோவுக்குள் போய்விட்டது, கரோசலில் இரண்டாவது பந்தியில் இருந்த விலை இங்கே முன்னுக்கு வந்துவிட்டது. குறைப்பது என்றால் இப்படி இடம் மாற்றுவதுதான், பின்பக்கத்தைக் கத்தரிப்பது மட்டும் போதாது.

அதே வீடியோவை யூடியூப் ஷோர்ட்ஸில் போட்டால் கேப்ஷனின் வேலையைத் தலைப்பு செய்கிறது, அதற்கு 100 குறிதான். அங்கே பலர் தேடி வருகிறார்கள், தேடுபவர் விலையைத் தட்டச்சு செய்வதில்லை, செய்முறையைத்தான் தேடுவார்.

> ஊறவைக்காமல் ஒடியல் கூழ் காய்ச்சுவது எப்படி | கசப்பு நீக்கிய ஒடியல் மா

69 குறி. விலையும் திகதியும் விளக்கப் பகுதிக்குப் போகட்டும். டிக்டொக்குக்கு ரீல்ஸ் கேப்ஷனையே எடுக்கலாம், பெரிய வித்தியாசம் தேவைப்படாது.

லிங்க்ட்இன்னுக்கு விரிப்பது

இங்கே வாசிப்பவர் கூழ் குடிக்க வந்தவர் இல்லை. கொழும்பில் ஒரு விடுதியின் கொள்வனவுப் பிரிவில் இருப்பவர், ஏற்றுமதி செய்பவர், டொரொன்டோவிலோ லண்டனிலோ தமிழ்க் கடைகளுக்குப் பொருள் இறக்குபவர், அல்லது அவர்களைத் தெரிந்த ஒருவர். அவருக்கு 650 ரூபா ஒரு பொருட்டே இல்லை. வட்ஸ்அப் அறிவிப்பில் கடைசிக்கு முதல் வரியாகப் பதுங்கிக் கிடந்த 5 கிலோ பொதிதான் அவருக்கான செய்தி.

இன்னொரு வித்தியாசம், இவர்களில் பலருக்கு ஒடியல் என்றால் என்னவென்றே தெரியாது. யாழ்ப்பாணத்தில் ரீல்ஸ் பார்ப்பவருக்கு ஒடியலை விளக்கினால் சிரிப்பார், இங்கே விளக்காவிட்டால் கடந்து போய்விடுவார். தெரிந்தவர்களிலும் சிலர் ஒடியலையும் புழுக்கொடியலையும் போட்டுக் குழப்புவார்கள், பின்னது அவித்துக் காயவைப்பது, அப்படியே கடித்துச் சாப்பிடலாம், கூழ் மா அதில் வருவதில்லை. எனவே ஒரு வரி விளக்கம் வேண்டும். படம் ஒன்றுதான், பொதியின் படமோ மா காயப்போட்ட படமோ, அது அதிகம் பேசாது. எல்லாவற்றையும் எழுத்துத்தான் சுமக்க வேண்டும், அதனால்தான் இது நீளம்.

> ஒடியல் கூழ் காய்ச்சும் உணவகம் ஒவ்வொன்றிலும் ஒருவர் முதலில் மாவை ஊறவைத்து, நீரை இறுத்து, கசப்பைப் போக்க வேண்டும். அந்த வேலையை நாங்கள் செய்து முடித்துத் தருகிறோம்.
>
> பச்சைப் பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவில் இயல்பாகவே கசப்பு உண்டு. கழுவி வடித்த ஈரமாவை வைத்திருக்க முடியாது என்பதால், கூழ் வேண்டும் ஒவ்வொரு தடவையும் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. நாங்கள் கழுவி வடித்த மாவைத் திரும்பக் காயவைத்து, சலித்துப் பொதி செய்கிறோம். ஆறு மாதம் வைத்துப் பாவிக்கலாம்.
>
> வீட்டுப் பாவனைக்கான 250 கிராம் பொதியோடு உணவகங்களுக்கான 5 கிலோ பொதியும் ஆகஸ்ட் 14 முதல் கிடைக்கும். கிழங்கு கிண்டும் காலம் ஆண்டுக்கு ஒருமுறைதான், இருப்பும் அதற்கேற்ற அளவுதான். மாதத் தேவையை முன்கூட்டிச் சொல்பவர்களுக்கு ஒதுக்கி வைக்கலாம்.
>
> மாதிரிப் பொதி வேண்டும் உணவகங்களும் விநியோகஸ்தர்களும் மாதத்துக்கு எத்தனை கிலோ தேவைப்படும் என்று எழுதி எனக்குச் செய்தி அனுப்புங்கள்.

முதல் பந்தி ஏறத்தாழ 160 குறி. கணினியில் அறுபடாமல் தெரியும். சின்னப் போனில் அறுபட்டாலும் முதல் வாக்கியம் தப்பிவிடும், உணவகம் நடத்துபவரின் கண்ணில் படவேண்டியது அதுதான்.

சில்லறை விலையை நான் வேண்டுமென்றே விட்டேன். மொத்தமாக வாங்குபவர் 250 கிராம் விலையை இருபதால் பெருக்கி 5 கிலோவுக்கு ஒரு கணக்கைத் தலையில் போட்டுக்கொள்வார், பிறகு நீங்கள் சொல்கிற மொத்த விலை எதுவானாலும் பேரம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், விலை போட்டால் வீண் விசாரிப்பு குறையும் என்பார்கள், அதுவும் நியாயம்தான்.

இருப்பு குறைவு என்பதை மறைக்காமல் எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. ரீல்ஸில் "சில பொதிகளே உள்ளன" என்று எழுதினால் அது விற்பனைத் தந்திரம் போலத் தெரியும். மாதாமாதம் பொருள் வேண்டுபவருக்கோ அது அவருடைய திட்டமிடலுக்குத் தேவையான தகவல், பருவகாலப் பொருள் என்பதை முதலே சொல்லாமல் ஆர்டர் எடுத்துவிட்டு ஐந்தாம் மாதத்தில் கைவிரித்தால் அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

சர்க்கரை நோய்க்கு நல்லது, நார்ச்சத்து இத்தனை வீதம் என்றெல்லாம் எழுதக் கை துறுதுறுக்கும். ஆய்வுகூட அறிக்கை கையில் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் எந்தக் கேப்ஷனிலும் வேண்டாம். ரீல்ஸில் யாரும் கேட்காமல் விடலாம், லிங்க்ட்இன்னில் முதல் கேள்வியே "அறிக்கையை அனுப்ப முடியுமா" என்றுதான் வரும்.

கரோசல் படங்களைப் பிடிஎஃப் ஆக்கினால் லிங்க்ட்இன்னில் புரட்டிப் பார்க்கும் ஆவணமாகப் போடலாம். போடுவதானால் சமையல் படங்கள் மூன்றையும் எடுத்துவிட்டு, மா கழுவுவது, காயவைப்பது, சலிப்பது, 5 கிலோ பொதி என்று மாற்றுங்கள். போட்டபிறகு ஆவணத்தை மாற்ற முடியாது, எழுத்தை மட்டும்தான் திருத்தலாம்.

மொழி? கொழும்பு விடுதிக்காரருக்கு ஆங்கிலப் பதிவும் தேவைப்படலாம். அப்படியானால் அதைத் தனிப் பதிவாக, ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள். ஒரே பதிவில் தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே என்று வைத்தால் அறுபடும் இடத்துக்கு மேலே இரண்டில் ஒன்றுதான் தெரியும்.

போட முன்னும் போட்ட பின்னும்

மூன்று கேப்ஷனையும் ஷீட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துவிட்டு எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்: 250, 650, ஆகஸ்ட் 14, ஆறு மாதம். ஒன்றில் திகதியை மாற்றிவிட்டு மற்றதில் மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிற விஷயம், இரண்டையும் பார்த்த வாடிக்கையாளர் பழைய திகதியில்தான் கடைக்கு வருவார்.

பிறகு சுட்டுச் சொற்களைத் தேடுங்கள். "அடுத்த படத்தில்", "தள்ளிப் பாருங்கள்", "கீழே உள்ள இணைப்பு" போன்றவை ஒரு தளத்தில் மட்டுமே பொருள் தரும். இன்ஸ்டகிராமிலிருந்து தானாகவே பேஸ்புக்குக்கும் போகும்படி வைத்திருந்தால் கேப்ஷன் அப்படியே அங்கே போகும், "இணைப்பு சுயவிவரத்தில்" என்று எழுதியது அங்கே யாருக்கும் உதவாது.

போட்ட உடனே உங்கள் கணக்கில் பார்க்காமல், வேறு ஒருவரின் போனில், முடிந்தால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிற ஒருவரின் போனில் பாருங்கள். மூன்றைப் பாருங்கள்: முதல் வரி எந்தச் சொல்லில் அறுபடுகிறது, வீடியோ எழுத்து எதன் மேலாவது ஏறியிருக்கிறதா, எங்கேயாவது கொம்பு உடைந்திருக்கிறதா. "கசப்பு" என்ற சொல்லோடு அறுபட்டு "நீக்கிய" மறைந்தால் கதை தலைகீழாகிவிடும், அப்படியானால் சொல்லின் வரிசையை மாற்றுங்கள்.

அதற்குப் பிறகு வருகிற கேள்விகளைக் கவனியுங்கள். கரோசலின் கீழே "விலை என்ன?" என்று தொடர்ந்து கேட்டால் விலை மிகவும் கீழே இருக்கிறது, இரண்டாவது பந்தியை முதல் வரியோடு ஒட்டிவிடுங்கள். ரீல்ஸின் கீழே "இது என்ன மா?" என்று கேட்டால் உங்கள் வீடியோ யாழ்ப்பாணத்துக்கு வெளியே போய்விட்டது, கேப்ஷனில் "பனங்கிழங்கு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டிய நேரம். லிங்க்ட்இன்னில் வாழ்த்து மட்டும் குவிந்து யாரும் கிலோக்கணக்குக் கேட்காவிட்டால், முதல் வரி உணவகக்காரரிடம் போய்ச் சேராமல் நண்பர்களிடமே நின்றுவிட்டது. வாழ்த்தியவர்களில் விடுதியிலோ இறக்குமதியிலோ வேலை செய்பவர் யார் என்று பார்த்து, அவருக்கு அந்தப் பதிவின் இணைப்போடு தனியாக ஒரு செய்தி எழுதுங்கள்.